ஹாஸ்டல் பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு



ஆடி பிறந்து தெருவில் கூழ் வார்க்கத் தொடங்கினால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். இந்த வருஷம் இதுவரை மூன்று பேர். மூவரும் என்னிடம் தமிழ் படித்தவர்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறார்கள். "சார், பொண்ணு ஃபோன்ல நல்லாத்தான் பேசுறா, ஆனா குரலே சரியில்ல." "சார், பையன் எல்லாத்துக்கும் 'ம்' மட்டும்தான் சொல்றான்." மூவரிடமும் சொன்னதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நான் 1972இல் பிள்ளையார்பாளையத்திலிருந்து சென்னைக்கு ஹாஸ்டலுக்குப் போனவன். எங்கள் வீட்டில் தறி நடுக்கூடத்தில் இருந்தது. குழித்தறி. விடிவதற்குள் தட தடவென்று சத்தம் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில்தான் பல் தேய்த்தோம், படித்தோம், சண்டை போட்டோம். ஹாஸ்டலில் முதல் வாரம் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் மூட்டைப்பூச்சி என்று நினைத்திருந்தேன். மூட்டைப்பூச்சியும் இருந்தது. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்து, சத்தமே இல்லாமல் கிடக்கும் அந்த அறையில் நெஞ்சை அடைக்குமே, அது மூட்டைப்பூச்சியின் வேலை இல்லை.

வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதுவேன். நாலு மாதத்தில் பதினாறு கடிதம் எழுதியிருப்பேன், பதினாறும் ஒரே கடிதம்தான். நான் இங்கு நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல், பாடங்கள் நன்றாகப் போகின்றன, சாப்பாடு பரவாயில்லை. ஏன் அப்படி எழுதினேன்? என் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். கடிதம் வந்தால் எதிர் வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பாவு நீட்டிக்கொண்டிருப்பவர்கள், பால்காரம்மா, பாட்டி எல்லோரும் கேட்பார்கள். அத்தனை பேர் காது கொடுக்கிற கடிதத்தில் 'ராத்திரி அழுகை வருகிறது' என்று எப்படி எழுதுவது? இன்றைக்கு வீடியோ கால் வந்திருக்கிறது. அதுவும் அதே திண்ணைதான். அம்மா ஃபோனைக் கூடத்தில் சுற்றிக் காட்டுகிறாள், சித்தி எட்டிப் பார்க்கிறாள், அந்தப் பக்கம் மூன்று ரூம்மேட் இருக்கிறார்கள். பிள்ளை 'ம்' என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்!

கணித மேதை ராமானுஜன் சின்ன வயதில் கொஞ்ச காலம் நம் காஞ்சிபுரத்தில் பள்ளிக்குப் போனவர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். அவர் 1914 மார்ச்சில் கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி வளாகத்திலேயே அறை. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர்) ஒருநாள் அவரைப் பார்க்கப் போனார். ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று பேச்சு வந்தபோது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றாராம் ராமானுஜன். இவர் போய்ப் படுக்கையைப் பார்த்திருக்கிறார். கம்பளிகளை மெத்தையைச் சுற்றி இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்! மகலனோபிஸ் பிரித்துக் காட்டினார்.

இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் சிரிப்பு வந்ததில்லை. ஒருவர் வந்து கேட்கும்வரை அந்த மனிதர் குளிர்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஹாஸ்டல் தனிமையும் இந்த மாதிரிதான். நாலு பேர் நடுவில் இருந்துகொண்டே ஒன்றைச் சொல்ல இடமில்லாமல் இருப்பது. யாராவது வந்து கேட்டால் நல்லது. யாரும் வராவிட்டால்?

இங்கேதான் நோட்டு வருகிறது. இது நான் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. என் மகள் உளவியல் படித்தபோது கொண்டுவந்த புத்தகத்தில் படித்தேன். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் புதிதாகக் கல்லூரிக்கு வந்த 130 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, 1990இல் வெளிவந்தது. மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம், கல்லூரிக்கு வந்திருப்பது பற்றித் தங்கள் மனதின் ஆழத்தில் இருப்பதைத் தொடர்ந்து மூன்று நாள் எழுத வேண்டும். நாளுக்கு இருபது நிமிஷம். வீட்டை விட்டு வந்தது, பழைய நண்பர்கள், அப்பா அம்மா, 'நான் இங்கே யார்' என்கிற குழப்பம், எல்லாம் எழுதலாம். இன்னொரு கூட்டமும் மூன்று நாள் எழுத வேண்டும், ஆனால் உணர்ச்சியே கலக்காமல், ஏதாவது ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ பற்றி. இந்த இரண்டாவது கூட்டம் எழுதியது என் இன்லேண்ட் லெட்டர் மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்தது என்ன? மனதைத் திறந்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தின் முடிவில் அவர்களிடம் கேட்டபோது, எழுதாதவர்களைவிட எழுதியவர்களுக்குத்தான் வீட்டு ஏக்கமும் பதற்றமும் அதிகமாக இருந்தன! வருஷக் கடைசியில்தான் அது மாறியது. மதிப்பெண்ணிலும் மனநிலையிலும் எழுதியவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ வந்திருந்தார்கள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எழுதுவது ஏக்கத்தைத் துடைத்துவிடாது. மூடி வைத்ததைத் திறந்துவிடும். திறந்தால் கொஞ்ச நாள் வலி கூடும். உங்கள் பிள்ளை நோட்டில் எழுத ஆரம்பித்த வாரம் ஃபோனில் அழுதால், 'வைத்தியம் பலிக்கவில்லை' என்று நோட்டைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

எப்படி எழுதுவது என்பதைச் சொல்கிறேன். மூன்று அல்லது நாலு நாள், விட்டுவிடாமல் தொடர்ந்து. நாளுக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்து. எடுத்த பேனாவை வைக்காமல் எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லையென்றால் எழுதிய வரியையே இன்னொரு முறை எழுதலாம், அடுத்தது தானாக வரும். இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் பேசுகிற தமிழிலேயே எழுதலாம். முப்பத்தைந்து வருஷம் உங்களிடம் ஒற்றெழுத்துக்காகச் சண்டை போட்ட வாத்தியார் சொல்கிறேன், இந்த நோட்டில் வல்லினம் மிகுந்தாலும் சரி, மிகாவிட்டாலும் சரி, சிவப்பு மை கிடையாது.

ஹாஸ்டலில் இதற்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பிரச்சினை. அறையில் எழுதினால் 'என்னடா லவ் லெட்டரா' என்று எட்டிப் பார்ப்பார்கள். நூலகத்தின் கடைசி மேஜை, மதியம் காலியாக இருக்கும் வகுப்பறை, இவை மேல். ரூம்மேட் எடுத்துப் படித்துவிடுவான் என்ற பயம் இருந்தால் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடலாம், எழுதும்போதே வேலை நடந்துவிடுகிறது. தட்டச்சும் செய்யலாம்தான். ஆனால் ஃபோனில் எழுதினால் நடுவில் வாட்ஸப் வந்து நிற்கும். எழுதி முடித்ததும் மனசு பாரமாக இருக்கும், சோகப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற மாதிரி. ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் அது வடிந்துவிடும். ஆகவே பரீட்சைக்கு முன்னாலோ, படுக்கப் போகும் கடைசி நிமிஷத்திலோ எழுத வேண்டாம்.

என் அக்கா பேத்தி ஒருத்தி இதைச் செய்தாள். போன வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்தவள். பொங்கலுக்கு வந்தபோது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சில இடங்களை அவளே படித்துக் காட்டினாள். "எழுதிக்கோ தாத்தா, பேர் மட்டும் போடாத" என்று அனுமதியும் கொடுத்தாள். குடும்பத்தில் எல்லோருக்கும் யாரென்று தெரியும், இருந்தாலும் கேள்வி கேட்டு அவளைத் துளைக்காதீர்கள்.

முதல் நாள் அவள் எழுதியது முழுக்கப் புகார். ரசம் தண்ணீர், பாத்ரூமுக்கு வரிசை, ஃபேன் கத்துகிறது, யாரும் என்னோடு பேசுவதில்லை, எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு 'நான்' அல்லது 'எனக்கு'. இதில் தப்பில்லை, எல்லோரும் இங்கேதான் தொடங்குவார்கள்.

இரண்டாம் நாள் ஒரு விஷயத்தில் வந்து நின்றாள். மெஸ் ஏழரைக்குத் திறக்கும். அவள் தினமும் எட்டே முக்காலுக்குத்தான் போவாள், மூடுவதற்குக் கால்மணி நேரம் இருக்கும்போது. ஏன்? தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக. அந்த நேரத்தில் குழம்பு ஆறிப்போய் அடியில் கொஞ்சம் கிடக்கும். வீட்டுக்கு 'சாப்பாடு நல்லா இல்ல' என்று சொன்னதற்குப் பின்னால் இருந்தது இதுதான். அன்றைக்கு அழுதுகொண்டே எழுதியதாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் 'ஏன்னா' என்ற சொல் வருகிறது. இதைக் கவனியுங்கள். எனக்கு ஏன் யாரோடும் போய் உட்காரத் தோன்றவில்லை? ஏன்னா நான் இங்கே இருப்பதே தப்பு என்று தோன்றிக்கொண்டிருக்கிறது. அது ஏன்னா, அப்பா இப்போது கோர்வைச் சேலை போடுவதில்லை என்று அம்மா சொன்னாள்.

நெசவு தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும்போது, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் தனித்தனி நாடாவில் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இழைக்கு இழை பிணைய வேண்டும். அந்தப் பிணைப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். ஒரே ஆளால் இரண்டு பக்கமும் கை கொடுக்க முடியாது, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவள் இவள். இவள் ஹாஸ்டலுக்குப் போனதும் ஆள் இல்லை. அதனால் அப்பா கோர்வை இல்லாத சேலைக்கு மாறிவிட்டார். அதற்குக் கூலி குறைவு. ஆக, 'என்னால் அப்பாவுக்கு வருமானம் போச்சு' என்ற எண்ணத்தை இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ரசத்தின் மேலும் ஃபேன் மேலும் கோபம் காட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் எழுத்தில் 'நான்' குறைந்து 'அப்பா', 'அவ' என்று மற்றவர்கள் வருகிறார்கள். கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்து போட்ட நாளை எழுதியிருந்தாள், பேங்கில் பேனாவை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை. பிறகு, 'ராமநாதபுரத்துக்காரி ஒருத்தியும் எட்டே முக்காலுக்குத்தான் மெஸ்ஸுக்கு வர்றா' என்று ஒரு வரி. இரண்டு மாதமாகக் கண்ணில் பட்டதுதான். அன்றைக்குத்தான் அதற்குப் பொருள் தெரிந்தது.

எழுதியவர்களுடைய தாள்களைப் பென்னிபேக்கர் குழுவினர் பிறகு ஆராய்ந்தபோதும் இந்த மாதிரிதான் கண்டார்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டு போனவர்களுக்குப் பலன் அதிகம். தொடக்கத்திலேயே அழகாகக் கதை சொன்னவர்களைவிட, சிதறலாகத் தொடங்கிப் போகப் போகக் கோர்வையாக்கியவர்களுக்கு. 'கோர்வையா எழுதுடா' என்று நான் உங்கள் கட்டுரை நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அது தறியில் இருக்கும் சொல்தான் என்பது பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எனக்கே இவள் நோட்டைக் கேட்டபோதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம், "தோள்பட்டை வலி ரெண்டு வருஷமா இருக்கு கண்ணு. நீ போனது ஒரு சாக்கு. நானே விடணும்னு இருந்தேன்." கூலி குறைந்தது உண்மைதான், ஆனால் அவள் நினைத்த காரணம் உண்மையில்லை. ராமநாதபுரத்துப் பெண்ணும் இவளும் இப்போது ஏழரைக்கே போய்விடுகிறார்களாம். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கருட சேவை சமயத்தில் பரீட்சை, வர முடியவில்லை. அன்றைக்கு நாள் முழுக்க அழுதிருக்கிறாள்.

இதே நோட்டு சிலருக்கு உதவாமலும் போகும். என்னிடம் படித்த ஒரு பையன் மாதக்கணக்கில் டைரி எழுதினான். முதல் பக்கமும் முப்பதாம் பக்கமும் ஒன்றே: யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை. இது எழுதுவது இல்லை, புண்ணைச் சொறிவது. மூன்று நாலு நாளுக்குப் பிறகும் ஒரே வரி ஒரே சொல்லில் வந்துகொண்டிருந்தால், 'ஏன்' என்ற கேள்வி ஒருமுறைகூட வராவிட்டால், நிறுத்திவிட வேண்டும். அதனால்தான் நாள்கணக்கு வைத்திருக்கிறார்கள். அதேபோல ஒரு விஷயத்தை எழுதப் போனால் தாங்காது என்று தோன்றினால் அதை எழுதக்கூடாது, வேறு ஒன்றை எழுதலாம். இதைப் பென்னிபேக்கரே வலியுறுத்திச் சொல்கிறார்.

இன்னொன்று. பிறகு உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் செய்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது, சராசரிப் பலன் இருக்கிறது, ஆனால் சின்னதுதான் என்று தெரிந்தது. சிலருக்குப் பலனே இல்லை. செலவு ஒரு நோட்டும் எண்பது நிமிஷமும் என்பதால் முயன்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பிள்ளை வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்கிற மாதிரி பேசுகிறது என்றால் அது நோட்டில் அடங்குகிற விஷயம் இல்லை. அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்கிற அரசு உதவி எண் இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். பிள்ளைகளே நேராகக் கூப்பிடலாம், பெற்றோரும் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

ஃபோன் செய்தவர்களில் ஒருவர், "சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சே சார், இனிமே எழுதிப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டார். உண்டு. டல்லாஸ் ஆய்வில் சிலரை முதல் வாரத்திலும், சிலரை ஐந்தாவது வாரத்திலும், சிலரை ஒன்பதாவது, பதினாலாவது வாரங்களிலும் எழுத வைத்தார்கள். எப்போது எழுதினார்கள் என்பதால் பலனில் வித்தியாசம் வரவில்லை.

வாங்கித் தருகிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் சாமி படமோ 'மை டைரி' என்ற தங்க எழுத்தோ வேண்டாம், அதைப் பார்த்தாலே அழகாக எழுதத் தோன்றும். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். கொடுத்துவிட்டு 'எழுதினியா, என்ன எழுதின' என்று கேட்கக்கூடாது. தீபாவளி லீவுக்கு வரும்போது பையில் அது இருந்தால் பிரிக்கக்கூடாது. எங்கள் வீட்டுப் பெண் மீதிப் பக்கங்களில் மெஸ் பாக்கி, ஜெராக்ஸ் செலவு, ராமநாதபுரத்துக்காரிக்குக் கொடுத்த கைமாற்று நூற்றைம்பது ரூபாய் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.